ஒரே நாள்ல பக்கெட் வேலையும் பிரேக்கர் வேலையும்: ஜேசிபி வாடகைய ரெண்டு ரேட்ல எப்படி கணக்கு போடறது

எங்க சித்தப்பாகிட்ட ஒரு ஜேசிபி இருக்கு, நாமக்கல் பக்கம் ஓடுது, கணக்கு எழுதறது மட்டும் என் வேலை. நாள் பூரா மண்ணு தோண்டற வேலைன்னா கணக்குல ஒண்ணுமே இல்ல, மீட்டர் எவ்வளவு ஓடுச்சோ அத மணி ரேட்டால பெருக்கி வாங்கிட்டு வந்துடலாம். ஆனா எங்க பக்கம் ரெண்டடி மூணடி தோண்டுனாலே பாறை வந்துடும், அப்ப பின்னாடி பக்கெட்ட கழட்டிட்டு பிரேக்கர மாட்டணும், பிரேக்கருக்கு ரேட் வேற. பாறை உடைஞ்சதும் திரும்ப பக்கெட்ட மாட்டி அள்ளணும், அது பழைய ரேட். சாயந்திரம் பார்ட்டி "மொத்தம் எவ்வளவுப்பா ஆச்சு"ன்னு கேக்கும்போது ஆப்பரேட்டர் தலைய சொறிஞ்சா அன்னைக்கு ஒரு ஆயிரம் ரூவாயாவது போச்சுன்னு அர்த்தம். இந்த கணக்க நான் எப்படி போடறேன்னு முழுசா எழுதறேன். மெஷின் வச்சிருக்கவங்களுக்கும் உதவும், வீடு கட்ட ஜேசிபி கூப்பிடறவங்களுக்கும் உதவும், ரெண்டு பக்கமும் ஒரே கணக்குதான.

ரேட் ஊருக்கு ஊர் மாறும், டீசல் விலைக்கு தகுந்தாப்ல மாறும், அதனால இந்த கட்டுரை பூராவும் உதாரணத்துக்கு பக்கெட்டுக்கு மணிக்கு 1,200 ரூவா, பிரேக்கருக்கு மணிக்கு 1,800 ரூவான்னு வச்சுக்கறேன். உங்க ஊர் ரேட்ட அந்த எடத்துல போட்டுக்கங்க. பிரேக்கருக்கு ஏன் அதிகம்னு கேக்காத பார்ட்டியே கிடையாது. காரணம் சிம்பிள், உளி தேயும், புஷ் தேயும், ஹோஸ் அடிக்கடி வெடிக்கும், பிரேக்கருக்குள்ள இருக்க நைட்ரஜன் கேஸ் குறைஞ்சா திரும்ப ஏத்தணும், பாறைல அடிக்கிற அதிர்ச்சி பூமோட பின்னு வரைக்கும் போகும். அந்த 600 ரூவா வித்தியாசம் இதுக்குத்தான்.

முதல்ல பேச வேண்டியது

வண்டி சைட்டுக்கு போறதுக்கு முன்னாடியே போன்ல மூணு விஷயம் பேசிடணும். ரெண்டு ரேட்டும் எவ்வளவுங்கறது எல்லாரும் பேசறதுதான், அத நான் கணக்குல சேக்கல. பேசாம விடற மூணுதான் பின்னாடி சண்டையா வரும்.

ஒண்ணு, ரீடிங் எங்கருந்து ஆரம்பம். ஜேசிபி ரோட்டுல தானா ஓடிதான் சைட்டுக்கு போகுது, போற நேரமும் மீட்டர் ஓடும். ஷெட்ல எடுத்த ரீடிங்கா, சைட்டுக்கு வந்த ரீடிங்கா? நாங்க பக்கத்து ஊர்னா சைட் ரீடிங்தான் எடுப்போம், தூரம்னா போக்குவரத்துக்குன்னு தனியா ஒரு தொகை பேசிடுவோம்.

ரெண்டு, பிரேக்கர் மாத்தற நேரம் யார் கணக்கு. பக்கெட் பின்ன தட்டி கழட்டி, பிரேக்கர எடுத்து மாட்டி, ஹோஸ் கனெக்‌ஷன் குடுக்க அரை மணி, முக்கா மணி ஆகும், உதவிக்கு ஆள் இல்லன்னா இன்னும் இழுக்கும். அதுல இன்ஜின் ஓடறது கொஞ்ச நேரம்தான், மத்த நேரம் ஆஃப்ல இருக்கும். மீட்டர்ல எவ்வளவு ஏறுதோ அத மட்டும் பக்கெட் ரேட்ல வாங்கிக்கறதுன்னு நாங்க வச்சிருக்கோம். சில ஓனருங்க அத பிரேக்கர் ரேட்ல போடுவாங்க, சிலர் விட்டுடுவாங்க. எது வேணாலும் சரி, முன்னாடியே சொல்லிருக்கணும் அவ்வளவுதான்.

மூணாவது கொஞ்சம் பெருசு, பிரேக்கர் மாட்டியிருக்கும்போதே முன் பக்கெட்ல வேலை செஞ்சா என்ன ரேட்டுங்கறது. அதுக்கு கீழ தனியா வரேன்.

மீட்டருக்கு பக்கெட்டும் தெரியாது பிரேக்கரும் தெரியாது

இதுதான் மொத்த பிரச்சனைக்கும் வேர். டாஷ்போர்டுல இருக்க ஹவர் மீட்டர் இன்ஜின் ஓடுன நேரத்த மட்டும்தான் எண்ணும், பின்னாடி என்ன மாட்டியிருக்குன்னு அதுக்கு தெரியாது. அதனால காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு ரெண்டு ரீடிங் எடுத்தா மொத்த மணி கிடைக்கும், எந்த வேலைக்கு எத்தன மணின்னு கிடைக்காது. ஆரம்பத்துல எங்க ஆப்பரேட்டர் அப்படித்தான் எழுதிட்டு வருவாரு. ஒரு தடவ பார்ட்டி "பிரேக்கர் ஒரு மணி நேரம்தான் அடிச்சுது"ங்கறாரு, இவரு மூணு மணிங்கறாரு, பேப்பர்ல எதுவும் இல்ல, கடைசில ரெண்டு மணின்னு முடிச்சுட்டு வந்தோம். மூணுதான் உண்மைன்னா 600 ரூவா போச்சு, ஒண்ணுதான் உண்மைன்னா அந்த மனுஷன் 600 ரூவா தண்டமா குடுத்திருக்காரு, எது நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

அதுக்கப்புறம் வச்ச வழக்கம்: வேலை மாறும்போதெல்லாம் ஒரு ரீடிங். மாட்டியிருக்கறத கழட்ட ஆரம்பிக்கும்போது ஒண்ணு, மாட்டி முடிச்சு வேலைய தொடங்கும்போது ஒண்ணு. எழுத சோம்பேறித்தனமா இருந்தா மீட்டர ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல பார்ட்டிக்கும் எனக்கும் அனுப்பிடணும். ஃபோட்டோ கூட நேரமும் வந்துடும், அது இன்னொரு சாட்சி.

வாங்க, ஒரு நாள் கணக்கையே எடுத்துக்கலாம். ஒரு வீட்டு அஸ்திவாரம், கூட ஒரு தண்ணி சம்ப் தோண்டணும். மேல செம்மண்ணு சரளை, கீழ பாறை.

காலைல 7:10க்கு சைட்ல ரீடிங் 4812.3. பக்கெட்ல மண்ணு எடுத்தாங்க, நடுவுல ஒரு டீ. 10:05க்கு பாறை தட்டுனதும் நிறுத்துனாங்க, ரீடிங் 4815.1. பிரேக்கர் மாட்டி முடிக்க 10:45 ஆச்சு, ரீடிங் 4815.3. அங்கருந்து பாறை உடைச்சாங்க, நடுவுல முக்கா மணி நேரம் சாப்பாடு, 2:15க்கு நிறுத்தும்போது 4818.0. திரும்ப பக்கெட் மாத்தி 2:45க்கு ஆரம்பிக்கும்போது 4818.1. உடைஞ்ச கல்ல அள்ளி வெளிய போட்டு 5:05க்கு முடிச்சாங்க, ரீடிங் 4820.4.

ஆறே ஆறு ரீடிங், வேற எதுவும் தேவையில்ல.

புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் நிமிஷம் இல்ல

கணக்குக்கு போறதுக்கு முன்னாடி இத சொல்லிடறேன், ஏன்னா தப்பு அதிகமா நடக்கறது இங்கதான். மீட்டர்ல 2.7 மணின்னா அது ரெண்டு மணி ஏழு நிமிஷம் கிடையாது. ஒரு மணிய பத்து பங்கா பிரிச்சு அதுல ஏழு பங்கு, ஒரு பங்குக்கு 6 நிமிஷம், ஆக ரெண்டு மணி 42 நிமிஷம். கடைசி இலக்கத்த ஆறால பெருக்குனா நிமிஷம் வந்துடும்.

இதே தப்ப தலகீழாவும் பண்ணுவாங்க. கைக்கடிகாரத்துல பாத்து "ரெண்டு மணி 45 நிமிஷம்"னு வச்சுக்கிட்டு கால்குலேட்டர்ல 2.45 னு அடிச்சு 1,800 ஆல பெருக்குவாங்க, 4,410 வரும். சரியா அடிக்கணும்னா 45 நிமிஷத்த 60 ஆல வகுத்து 2.75 னு அடிக்கணும், அப்ப 4,950. ஒரே பெருக்கல்ல 540 ரூவா வித்தியாசம், ரெண்டு பேரும் கால்குலேட்டர காட்டி "நீயே பாரு"ன்னு சண்ட போடுவாங்க. நிமிஷத்த 60 ஆல வகுக்காம புள்ளிக்கு பின்னாடி போடவே கூடாது.

இப்ப கணக்கு

காலை பக்கெட் 4815.1 லருந்து 4812.3 கழிச்சா 2.8. முதல் மாத்து 0.2. பிரேக்கர் 4818.0 கழித்தல் 4815.3, அது 2.7. ரெண்டாவது மாத்து 0.1. மத்தியானத்துக்கு மேல பக்கெட் 2.3. எல்லாத்தையும் கூட்டுனா 8.1 வருது. கடைசி ரீடிங் 4820.4 லருந்து முதல் ரீடிங் 4812.3 கழிச்சாலும் 8.1. இந்த ரெண்டும் ஒத்துப்போகணும், போகலன்னா நடுவுல எங்கயோ ஒரு கழித்தலையோ கூட்டலையோ தப்பா போட்டிருக்கோம், ரூவாய தொடறதுக்கு முன்னாடி அத கண்டுபிடிங்க.

பக்கெட் ரெண்டு துண்டும் சேந்து 5.1, மாத்து 0.3 யும் பக்கெட் ரேட்டுதான், ஆக 5.4 மணி. 5.4 பெருக்கல் 1,200 = 6,480. பிரேக்கர் 2.7 பெருக்கல் 1,800 = 4,860. மொத்தம் 11,340 ரூவா.

இத சரிபாக்க இன்னொரு வழி இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப புடிக்கும், ஏன்னா சைட்ல நின்னுக்கிட்டே வாயாலயே போட்டுடலாம். நாள் பூரா குறைஞ்ச ரேட்லயே ஓடுச்சுன்னு வச்சுக்கங்க, 8.1 பெருக்கல் 1,200 = 9,720. அதுமேல பிரேக்கர் ஓடுன மணிக்கு மட்டும் வித்தியாசம் 600 ரூவாய சேருங்க, 2.7 பெருக்கல் 600 = 1,620. கூட்டுனா அதே 11,340. பார்ட்டிக்கு விளக்கறதுக்கும் இது சுலபம், "மொத்த மணிக்கு சாதா வாடகை இவ்வளவு, அதுல ரெண்டரை சொச்சம் மணிக்கு பிரேக்கர் போட்டதுக்கு எக்ஸ்ட்ரா இவ்வளவு"ன்னா யாருக்கும் புரியும்.

இப்ப சராசரி கணக்கு. 1,200ம் 1,800ம் சேத்து ரெண்டால வகுத்தா 1,500, அத 8.1 ஆல பெருக்கி 12,150 னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, கேக்க நியாயமா இருக்க மாதிரியே இருக்கும். ஆனா அது ரெண்டு வேலையும் சரிபாதி நேரம் நடந்திருந்தா மட்டும்தான் சரி. இந்த நாள்ல பக்கெட் வேலை பிரேக்கர மாதிரி ரெண்டு பங்கு நடந்திருக்கு, அதனால உண்மையான சராசரி 11,340 ஐ 8.1 ஆல வகுத்தா வர்ற 1,400 தான். 1,500 போட்டா பார்ட்டி தலைல 810 ரூவா கூட ஏத்தறோம். பிரேக்கர் அதிகமா ஓடுன நாள்ல இதே சராசரி ஓனருக்கு நஷ்டமா திரும்பும். "இன்னைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி, சரியாப்போயிடும்"னு சித்தப்பாவே சொல்லுவாரு, ஆனா நாளைக்கு வர்றது வேற பார்ட்டி, அவருக்கு எப்படி சரியாப்போகும்.

மீட்டர் பத்துல ஒரு பங்குக்கு மேல நுணுக்கமா காட்டாதே, அதுல எவ்வளவு தப்பு வரும்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்வி. வேலை மாறற எடத்துல ரீடிங் அதிகபட்சம் 0.1 முன்ன பின்ன இருக்கலாம். ஆனா ஒரு துண்டுல குறையறது அடுத்த துண்டுல சேந்துடும், மொத்த மணி மாறாது. அதனால ஒரு மாத்துக்கு அதிகபட்சம் 0.1 பெருக்கல் 600, அதாவது 60 ரூவாதான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். அதுக்காக ஸ்டாப்வாட்ச் எல்லாம் வைக்க வேண்டாம்.

முன் பக்கெட் பஞ்சாயத்து

ஜேசிபில பிரேக்கர மாட்டறது பின் கையில, பின் பக்கெட்ட கழட்டிட்டு. முன்னாடி இருக்க பெரிய லோடர் பக்கெட் அப்படியேதான் இருக்கும். அதனால பாறைய கொஞ்சம் உடைச்சுட்டு, வண்டிய திருப்பி, முன் பக்கெட்டால கல்ல ஒதுக்கிட்டு, திரும்ப உடைக்கறது சர்வசாதாரணமா நடக்கும். அந்த ஒதுக்கற நேரத்துக்கு என்ன ரேட்? பார்ட்டி சொல்லுவாரு "அப்ப பிரேக்கர் அடிக்கலையே, 1,200 தான்". ஓனர் சொல்லுவாரு "பிரேக்கர் மாட்டித்தான இருக்கு, 1,800". ரெண்டு பேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.

நான் சொல்றது, எது மாட்டியிருக்கோ அந்த ரேட். ஞாயம் அதுல கூடன்னு இல்ல, அளக்க முடியுங்கறதாலதான். மாட்டறதும் கழட்டறதும் கண்ணுக்கு தெரியற விஷயம், அப்ப ஒரு ரீடிங் எடுக்கலாம். மூணு நிமிஷம் அடிச்சு ரெண்டு நிமிஷம் ஒதுக்கறத 6 நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறற மீட்டர்ல யாரும் அளக்க முடியாது, ஞாபகத்துலருந்து சொல்லணும், ஞாபகம்னா திரும்ப அந்த ஒரு மணி மூணு மணி கதைதான்.

ஆனா ஒரு விதிவிலக்கு வச்சுக்கறது நல்லது. பிரேக்கர் மாட்டுன நிலைமைலயே அரை மணிக்கு மேல தொடர்ச்சியா முன் பக்கெட் வேலை நடந்தா, உதாரணத்துக்கு டிப்பர் வந்து நின்னு லோடு ஏத்தறாங்கன்னா, அதுக்கு முன்னயும் பின்னயும் ரீடிங் எடுத்து பக்கெட் ரேட்ல போட்டுடுங்க. நம்ம உதாரண நாள்ல அப்படி ஒரு 0.6 மணி இருந்திருந்தா பில்லு 0.6 பெருக்கல் 600, அதாவது 360 ரூவா குறைஞ்சு 10,980 ஆகியிருக்கும்.

இன்ஜின் ஓடிட்டு சும்மா நிக்கற நேரமும் இதே மாதிரிதான். மேஸ்திரி வந்து மார்க் போடற வரைக்கும் வண்டி நிக்குது, இன்ஜின் ஓடுது, மீட்டர் ஏறுது. கால் மணிக்கு மேல நிக்கும்னு தெரிஞ்சா இன்ஜின ஆஃப் பண்ண சொல்லுங்க, டீசலும் மிச்சம், பில்லும் மிச்சம். பிரேக்கர் மாட்டி சும்மா நின்னா மணிக்கு 1,800 போயிட்டு இருக்குங்கறத பார்ட்டி ஞாபகத்துல வச்சுக்கணும். இன்னொண்ணு, உங்க வண்டில சாவி ஆன்ல இருந்து இன்ஜின் ஓடாதப்பயும் மீட்டர் ஏறுதான்னு ஒரு நாள் செக் பண்ணி பாத்துடுங்க, பத்து பன்னெண்டு நிமிஷம் சாவிய போட்டு விட்டா தெரிஞ்சுடும்.

மினிமம் சார்ஜ் இருந்தா

பிரேக்கர எடுத்துட்டு வந்து மாட்டுனா குறைஞ்சது ஒரு மணி நேர வாடகைன்னு சில பேர் பேசிப்பாங்க, அதுவும் சரிதான், பத்து நிமிஷத்துக்காக அத தூக்கிட்டு வர முடியாது. இதுல தப்பு நடக்கறது எப்படின்னா, அன்னைக்கு பிரேக்கர் ரெண்டு தடவ மாட்டி 0.4ம் 0.5ம் ஓடிருக்கும், ஒவ்வொண்ணையும் ஒரு மணியா ஏத்தி ரெண்டு மணி போட்டுடுவாங்க. மினிமம்ங்கறது ஒரு நாளைக்கு ஒரு தடவ. முதல்ல 0.4ம் 0.5ம் கூட்டுங்க, 0.9, அத ஒண்ணா ஆக்குங்க, 1,800. ரெண்டு மணி போட்டா 3,600, சரியா ரெண்டு மடங்கு.

ஏத்துன அந்த 0.1 ஐ பக்கெட் மணிலருந்து கழிக்கணுமான்னு கேப்பாங்க. கழிக்க கூடாது, பக்கெட் உண்மையா ஓடுன நேரம் அது. அதனால பில்லுல மொத்த மணி மீட்டர விட 0.1 கூடதான் வரும், பக்கத்துலயே "பிரேக்கர் மினிமம் 1 மணி" னு எழுதிடுங்க, இல்லன்னா கூட்டி பாக்கற பார்ட்டி நம்மள திருடன்னு நினைப்பாரு.

கூகுள் ஷீட்ஸ்ல போடறது

மாசத்துக்கு இருபது இருபத்தஞ்சு நாள் ஓடற வண்டிக்கு கையால போட்டா முடியாது. நான் வச்சிருக்க ஷீட் ரொம்ப சின்னது. A காலத்துல வேலை பேரு, B ல ஆரம்ப ரீடிங், C ல முடிவு ரீடிங், D ல மணி, E ல ரேட், F ல ரூவா. பக்கத்துல H2 லருந்து H4 வரைக்கும் பக்கெட், பிரேக்கர், மாத்துன்னு மூணு பேரு, I2 லருந்து I4 ல 1200, 1800, 1200. நம்ம உதாரண நாளுக்கு ரெண்டாவது வரிலருந்து ஆறாவது வரி வரைக்கும் அஞ்சு வரி வரும், கீழ இருக்க ஃபார்முலாவ எல்லாம் ஆறாவது வரி வரைக்கும் இழுத்து விட்டுடுங்க.

```
B3:  =C2
D2:  =ROUND(C2-B2,1)
E2:  =VLOOKUP(A2,$H$2:$I$4,2,FALSE)
F2:  =D2*E2
```

B3 ல ஃபார்முலா போட்டதுக்கு காரணம், ஒரு வேலை முடியற எடத்துலதான் அடுத்தது ஆரம்பிக்குது, அத ரெண்டு தடவ டைப் பண்ணா ஒரு தடவ தப்பா அடிப்போம். நாம அடிக்க வேண்டியது முதல் ஆரம்ப ரீடிங்கும், ஒவ்வொரு வரிக்கும் முடிவு ரீடிங்கும் மட்டும்தான். ஏதாவது ஒரு முடிவு ரீடிங்க தப்பா அடிச்சா, 4815.3 க்கு பதிலா 4851.3 னு அடிச்சா, அந்த வரில மணி 36.2 னு வரும், அடுத்த வரி மைனஸ்ல போகும். மைனஸ பாத்தா அதுக்கு மேல் வரியதான் சந்தேகப்படணும்.

ROUND எதுக்குன்னா, கம்ப்யூட்டர் தசமத்த உள்ளுக்குள்ள வேற விதமா வச்சிருக்கறதால 4815.1 கழித்தல் 4812.3 போட்டா சரியா 2.8 வராம கடைசில ஒரு தூசு ஒட்டிக்கும், 2.8000000000002 மாதிரி. பாக்க தெரியாது. ஆனா அதுமேல யாராவது ROUNDUP போட்டா அது 2.9 ஆ ஏறிடும், 120 ரூவா எங்கருந்து வந்துச்சுன்னு தேடிட்டு இருப்பீங்க. நான் தேடிருக்கேன்.

E ல முதல்ல நான் IF தான் வச்சிருந்தேன், பிரேக்கர்னு இருந்தா 1800, இல்லன்னா 1200 னு. அது ஒரு பொறி. பிரேக்கர்ங்கற வார்த்தைக்கு பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தாலோ "பிரேக்கர" னு விட்டுட்டாலோ சத்தமே இல்லாம 1200 போட்டுடும், யாருக்கும் தெரியாது. VLOOKUP ல கடைசில FALSE போட்டா பேரு அச்சு அசலா இல்லன்னா `#N/A` னு கத்தும். கத்தறதுதான் நமக்கு வேணும்.

கடைசியா மேல சொன்ன வாய்க்கணக்கையே சரிபாக்க ஒரு கட்டத்துல வச்சிருக்கேன்:

```
F8:  =SUM(F2:F6)
F9:  =(C6-B2)*I2+SUMIF(A2:A6,"பிரேக்கர்",D2:D6)*(I3-I2)
```

ரெண்டும் 11340 காட்டணும். மாத்து ரேட்டும் பக்கெட் ரேட்டும் ஒண்ணா இருக்க வரைக்கும்தான் இது ஒத்துப்போகும், உங்க ஊர்ல மாத்து நேரத்துக்கு ரேட் வேறன்னா F9 ல அதையும் தனியா சேக்கணும்.

மீட்டர் வேலை செய்யலன்னா

பழைய வண்டிகள்ல மீட்டர் செத்துப்போயிருக்கும், அப்ப கடிகார நேரம்தான். ஷீட்ல B யும் C யும் 10:45, 14:15 னு நேரமா அடிச்சா D க்கு ஃபார்முலா மாறும், சாப்பாட்டு நேரத்தையும் கழிக்கணும்:

```
D4:  =ROUND((MOD(C4-B4,1)-TIME(0,45,0))*24,2)
```

24 ஆல பெருக்கறது எதுக்குன்னா ஷீட்டுக்கு நேரம்ங்கறது ஒரு நாளோட பின்னம், 12 மணி நேரம்னா அதுக்கு 0.5. பெருக்காம அப்படியே 1,800 ஆல பெருக்குனா மூணு மணி சொச்ச வேலைக்கு இருநூத்தி சொச்சம் ரூவா காட்டும், அத பாத்ததும் புரிஞ்சுக்கலாம். MOD இருக்கறது ராத்திரி வேலைக்கு, 10 மணிக்கு ஆரம்பிச்சு விடிகாலை 2 மணிக்கு முடிச்சா வெறுமன கழிச்சா மைனஸ் வரும், MOD போட்டா 4 மணி நேரம்னு சரியா வரும். இந்த முறைல B3 யும் `=C2` ஆவே இருக்கலாம்.

கடிகார முறைல பெரிய ஆபத்து சாப்பாட்டு நேரம். மீட்டர்னா இன்ஜின் நின்னா அதுவும் நின்னுடும், கடிகாரம் நிக்காது. பல பேரு நாள் கடைசில மொத்தத்துலருந்து முக்கா மணிய கழிப்பாங்க, ஆனா எந்த ரேட்லருந்து கழிக்கறது? நம்ம உதாரணத்துல சாப்பாடு பிரேக்கர் துண்டுக்கு நடுவுல வந்துச்சு, அதனால பிரேக்கர்லருந்துதான் போகணும், மூன்றரை மணி 2.75 ஆகணும். அத பக்கெட்லருந்து கழிச்சா 0.75 பெருக்கல் 600, பார்ட்டிக்கு 450 ரூவா கூட போகும். இடைவேளை எந்த வேலைக்கு நடுவுல வந்துச்சோ அந்த வரியிலயே கழிச்சுடுங்க, டீ உட்பட.

கடிகார முறைல மாத்து நேரமும் உப்பிடும். மீட்டர்ல 0.3 ஆ இருந்தது கடிகாரத்துல 40 நிமிஷமும் 30 நிமிஷமும் சேந்து 70 நிமிஷம், அதாவது 1.17 மணி. அத பார்ட்டிகிட்ட முழுசா கேட்டா சண்டதான் வரும், ஒரு மாத்துக்கு இவ்வளவுன்னு முன்னாடியே ஒரு தொகை பேசிக்கறது நல்லது.

ஆப்பரேட்டர் பேட்டா

பார்ட்டிகிட்ட வாங்கறது ஒரு கணக்கு, ஆப்பரேட்டருக்கு குடுக்கறது இன்னொரு கணக்கு. ரெண்டையும் ஒரே மணில போட்டா ஆப்பரேட்டருக்குத்தான் நட்டம். மாச சம்பளத்துக்கு மேல மணிக்கு பேட்டா குடுக்கற முறை எங்ககிட்ட இருக்கு, உதாரணத்துக்கு பக்கெட்டுக்கு மணிக்கு 60, பிரேக்கருக்கு 100 னு வச்சுக்கலாம், பிரேக்கர்ல உக்காந்தா உடம்பு பூரா அதிரும், அதுக்கு ஒரு விலை வேணும்ல.

மீட்டர வச்சு மட்டும் போட்டா 5.4 பெருக்கல் 60 = 324, 2.7 பெருக்கல் 100 = 270, மொத்தம் 594. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் குடுத்துட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் எங்க ஆப்பரேட்டர் அண்ணன் கேட்டாரு, "தம்பி, பின்னு தட்டி கழட்டி மாட்டறப்ப வண்டி நிக்குது, நான் நிக்கலியே?" பதில் சொல்ல முடியல. அவரோட வேலைலயே கஷ்டமானது அந்த 70 நிமிஷம்தான், மீட்டர் அதுல 18 நிமிஷத்ததான் பாத்துச்சு. ஷெட்லருந்து சைட்டுக்கு ஓட்டிட்டு வந்த நேரமும் பார்ட்டி பில்லுல இல்ல, ஆனா அவரு ஓட்டிருக்காரு.

இப்ப இப்படி போடறேன். பக்கெட் 5.1 பெருக்கல் 60 = 306. பிரேக்கர் 270. மாத்து நேரம் கடிகாரப்படி 1.17 பெருக்கல் 60, சுமாரா 70. போக 0.6 வர 0.6, சேத்து 1.2 பெருக்கல் 60 = 72. மொத்தம் 718. வண்டிக்கு மீட்டர், ஆளுக்கு கடிகாரம்.

சட்டத்துலயும் இதுக்கு ஒரு எடம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தோட 16 ஆவது பிரிவு, ஒரே ஆள் ரெண்டு வகை வேலை செஞ்சு ரெண்டுக்கும் வேற வேற குறைந்தபட்ச கூலி இருந்தா, ஒவ்வொரு வேலைல செலவழிச்ச நேரத்துக்கும் அந்தந்த வேலையோட குறைந்தபட்ச கூலிக்கு குறையாம குடுக்கணும்னு சொல்லுச்சு. அதுக்கு பதிலா 2025 நவம்பர்லருந்து நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இதே ஏற்பாடு இருக்கு. அதாவது ரெண்டையும் கலந்து ஒரு சராசரிய போட்டு, அதிக கூலி வேலைக்கு குறைச்சு குடுக்க முடியாது. எந்த வேலைல எவ்வளவு நேரம்னு எழுதி வச்சிருந்தாதான இத காட்ட முடியும், அதனால ஆப்பரேட்டரும் தன் பங்குக்கு ஒரு சின்ன நோட்டுல அந்த ஆறு ரீடிங்கையும், மாத்த ஆரம்பிச்ச முடிச்ச நேரத்தையும் எழுதி வச்சுக்கணும். எங்க அண்ணன் இப்ப சன்வைசர்ல ஒரு நோட்டும் கயித்துல கட்டுன பேனாவும் வச்சிருக்காரு.

பார்ட்டி 11,340 க்கு "ரவுண்டா 11,000 வச்சுக்கப்பா"ன்னு சொல்றது எப்பவும் நடக்கும். குறைக்கறதா இருந்தா பில்லுல ரெண்டு ரேட்டையும் மணியையும் அப்படியே விட்டுட்டு, கீழ தள்ளுபடி 340 னு தனி வரியா எழுதுங்க. ரேட்லயோ மணிலயோ கை வச்சா அடுத்த தடவ அவரு அந்த குறைஞ்ச ரேட்டதான் காட்டுவாரு, அதோட ஆப்பரேட்டர் பேட்டாவும் தப்பா குறைஞ்சுடும், அவரு ஓட்டுன மணில எந்த தள்ளுபடியும் இல்ல.